ஐந்து கட்டைக்கு எந்த மிருதங்கம்? பெங்களூருவில் ஒரு பிள்ளைக்கு வாங்கியபோது பார்த்தவை

கிருஷ்ணராஜபுரத்தில் இருக்கும் என் தங்கை, மகனை மிருதங்க வகுப்பில் சேர்த்த வாரத்திலேயே ஒரு மிருதங்கம் வாங்கிவிட்டாள். இருபத்துநான்கு அங்குல நீளம், முகம் பார்க்கும் அளவுக்குக் கறுப்புப் பூச்சு. ‘பெரியதாக வாங்கிக்கொள்ளுங்கள், பையன் வளர்ந்த பிறகும் உதவும்’ என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பையனுக்கு ஒன்பது வயது. இந்திராநகரில் அவன் போகும் வகுப்பில் பாட்டுக் கற்கும் சிறுமிகளும் சேர்ந்து உட்காருவார்கள்; அங்கே எல்லாம் ஐந்து கட்டைச் சுருதி. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் சுருதியும் ஏறும். வாங்கிய கருவியோ இரண்டு கட்டைக்கு மூட்டியது, அதாவது அந்தச் சுருதிக்குத் தோல் ஏற்றி இழுத்துக் கட்டியது. வீட்டில் அது யாருக்கும் தெரியாது. சுருதி சேரவில்லை என்று ஆசிரியர் சொன்னதும் மாப்பிள்ளை கல்லை எடுத்துத் தட்டி ஏற்றத் தொடங்கினார். மூன்றாம் நாள் மாலை, பழைய துணி கிழிவது போல ஒரு சத்தம். வலப்பக்க முகமான வலந்தலையின் மேல்தோல், விளிம்பைச் சுற்றிப் பின்னிய சாட்டையை ஒட்டி விரல் நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

அதன் பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. நான் மேடைக் கலைஞன் அல்ல. முப்பது ஆண்டுகளாக வாசிப்பவன், பஜனைகளுக்கும் பிள்ளைகளின் நடன வகுப்புகளுக்கும் உட்காருபவன். இதுவரை நான்கு மிருதங்கங்களை மாற்றியிருக்கிறேன், மூட்டு மாற்றியதற்குக் கணக்கு இல்லை. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு தங்கை மகனுக்காக ஒன்றரை மாதம் அலைந்தேன். எதை எதோடு ஒப்பிட்டோம், எதைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தோல் ஏன் கிழிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. இரண்டு கட்டையிலிருந்து ஐந்து கட்டை என்பது கேட்க மூன்று படி போல இருக்கும். ஆனால் அதிர்வெண் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. தோலின் சுருதி அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே சுருதியை மூன்றில் ஒரு பங்கு உயர்த்த, இழுவிசையைக் கிட்டத்தட்ட 1.8 மடங்காக்க வேண்டும். அதே தோல், அதே வாய் அகலம், கிட்டத்தட்ட இரட்டை இழுவை. எந்தத் தோலும் தாங்காது. ஒரு மிருதங்கத்தை அது மூட்டப்பட்ட சுருதியிலிருந்து அரைக் கட்டை மேலும் கீழும் நகர்த்தலாம், நல்ல மூட்டாக இருந்தால் ஒரு கட்டை. அதற்கு மேல் போனால் ஏற்றும்போது கிழியும், இறக்கும்போது நாதம் செத்துவிடும்.

ஆகவே வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வகுப்பு எந்தக் கட்டையில் நடக்கிறது? ஆண்கள் பாடும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டை என்றால் இருபத்துநான்கு அங்குலத் தக்குச் சுருதி மிருதங்கம். பெண்களும் பிள்ளைகளும் பாடும் நாலரை முதல் ஆறு வரை என்றால் இருபத்திரண்டு அங்குல ஹெச்சுச் சுருதி மிருதங்கம். நீளம் குறைவது மட்டும் இல்லை, வலந்தலையின் வாயும் குறுகும். குறுகிய வாயில் அளவான இழுவையிலேயே மேல் சுருதி வந்துவிடும். சிறு கையின் விரல்களும் எட்ட வேண்டிய இடத்தை எட்டும். எங்கள் பையனுக்கு விடை தெளிவாகவே இருந்தது: இருபத்திரண்டு அங்குலம், ஐந்து கட்டை. இந்த ஒரு முடிவை முன்பே எடுத்திருந்தால் முதல் மிருதங்கத்தின் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது எந்த வகை என்பது. இன்று பெங்களூருவில் மாணவர் முன் மூன்று வகைகள் இருக்கின்றன. பலாக் கட்டையில் தோல்வாரால் இழுத்துக் கட்டிய பழைய முறை மிருதங்கம் ஒன்று. அதே பலாக் கட்டை, அதே தோல், ஆனால் வாருக்குப் பதிலாக இரும்புக் கம்பியும் நட்டும் வைத்து முடுக்குவது இரண்டாவது. கண்ணாடியிழைக் கூடும் பாலியெஸ்டர் தகட்டு முகமும் கொண்ட செயற்கை மிருதங்கம் மூன்றாவது. மூன்றாவது இந்த ஊரிலேயே பிறந்தது. பொறியாளரும் கர்நாடக இசைப் பாடகருமான கே. வரதரங்கன் உருவாக்கியது, கருண்யா மியூசிகல்ஸ் என்ற அவருடைய நிறுவனம் ஸ்ரீ மிருதங்கம் என்ற பெயரில் கொண்டுவந்தது.

பார்க்கிறவர்கள் எல்லாரும் மரக் கட்டையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானும் இளவயதில் அப்படித்தான் பார்த்தேன். கட்டை முக்கியம்தான், ஆனால் அதில் சரிபார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பலா மரத்தின் வைரப்பகுதி மஞ்சள் நிறம். ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும். தமிழ்நாட்டில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கும் அங்கே கடையும் கட்டைகளுக்கும் நல்ல பெயர். கறுப்புப் பூச்சு கனமாக இருந்தால் உள்ளே என்ன மரம் என்பது தெரியாது. தங்கை வாங்கியதை அவிழ்த்தபோது உள்ளே வெளுத்த, நாரோடிய, எடையில்லாத ஏதோ ஒரு மரம் இருந்தது. பலா இல்லை என்பது மட்டும் உறுதி. பூச்சு இல்லாத, அல்லது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் உள்ள கட்டையைக் கேளுங்கள். முடிந்தால் மூட்டு ஏற்றுவதற்கு முன்பே கட்டையைப் பாருங்கள். வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தால் முடிச்சும் வெடிப்பும் பூச்சி துளைத்த தடமும் தெரிந்துவிடும். வாயின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், மேடு பள்ளம் இருந்தால் எந்தத் தோலும் அங்கே சமமாக உட்காராது. எடையும் பேசும். நாங்கள் கடைசியாக வாங்கிய இருபத்திரண்டு அங்குலக் கட்டை மூட்டோடு ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. இதே அளவில் பாதி எடை என்றால் சந்தேகப்பட வேண்டும்.

நல்ல பலாக் கட்டையை ஒருமுறை பார்த்து வாங்கிவிட்டால் அது பல பத்தாண்டுகள் இருக்கும். என் அப்பா காலத்துக் கட்டை ஒன்று இன்னும் என் வீட்டில் ஒலிக்கிறது. ஆனால் அதன் மேல் ஏறும் மூட்டு அப்படி இல்லை. தினமும் ஒரு மணி நேரம் சாதகம் செய்யும் பிள்ளைக்கு ஓராண்டுக்குள் முகத்தின் நடுவில் உள்ள கறுப்புக் கரணை தேய்ந்துவிடும். சில பிள்ளைகளுக்கு ஆறு மாதத்திலேயே. அதாவது நீங்கள் வாங்குவது ஒரு கட்டையை, ஆனால் அதன் பிறகு வாழ்வது மூட்டுகளோடு. மூன்று வகைகளையும் ஒப்பிடும்போது நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: முகம் தேய்ந்த அன்று என்ன செய்வோம், யாரிடம் போவோம்?

அதற்கு முகத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வலந்தலை ஒரு தோல் இல்லை, மூன்று. நடுவில் முழு வட்டமாக ஆட்டுத்தோல், அதுதான் கொட்டுத்தட்டு. அதன் மேல் வளையமாக மாட்டுத்தோல், அது வெட்டுத்தட்டு. நாம் மீட்டுவது அதில். கீழே இன்னொரு மாட்டுத்தோல் வளையம். மூன்றையும் சேர்த்துப் பின்னி விளிம்பில் கட்டுவது சாட்டை. சாட்டையின் பதினாறு கண்களில் எருமைத்தோல் வார் ஓடி இடந்தலையோடு இணைக்கிறது. இடந்தலையை, அதாவது தொப்பியை, எருமைத்தோல் வளையமும் ஆட்டுத்தோலும் சேர்த்துச் செய்கிறார்கள். இந்தத் தோல்களைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதை மறைக்க மனம் இல்லை. அவற்றைப் பதம் பார்த்து, உரித்து, இழுத்து நாதம் வரவழைக்கிறவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. வீட்டில் தோல் கருவி வேண்டாம் என்று ஒரு குடும்பம் நினைத்தால் அவர்களுக்குச் செயற்கை மிருதங்கம் நேர்மையான வழி. அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

கொட்டுத்தட்டின் நடுவில் ஏற்றுவது கரணை, சோறு என்றும் சொல்வார்கள். கிட்டக்கல்லைப் பொடித்து வெந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய படையாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து உலரவிட்டு, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து ஏற்றுவது. வெறும் தோலைத் தட்டினால் அதில் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடு ஒன்று சேராமல் இரையும். நடுவில் இந்தப் பாரம் ஏறியதும் அவை ஒழுங்குக்கு வந்து, வீணைத் தந்தியைப் போல ஒத்திசைந்த ஐந்து சுரங்களாகக் கூடுகின்றன. இதை 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் சி.வி. ராமன். 1933-ல் இந்த ஊரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த பிறகு 1934-ல் விரிவாக எழுதினார். ஆக, மிருதங்கத்தைச் சுருதி வாத்தியம் ஆக்குவது கரணைதான். கரணையில் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் இருப்பது குறை இல்லை, அவை இருந்தால்தான் அது தோலோடு சேர்ந்து அசையும். விளிம்பு உதிர்வதும், நடுவில் பொருக்குப் பெயர்வதும், தட்டும்போது பொடி பறப்பதும்தான் குறை.

பழைய முறை மிருதங்கத்தில் கரணை தேய்ந்தால் மிருதங்கம் மூட்டும் வேலைக்காரரிடம் கொண்டுபோக வேண்டும். தோல் நன்றாக இருந்தால் கரணையை மட்டும் மறுபடி ஏற்றித் தருவார், தோலும் போயிருந்தால் வலந்தலை மூட்டையே மாற்றுவார். இதுதான் அந்த வகையின் பலமும் பலவீனமும். கைதேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இதற்கு இணை இல்லை. அவர் உங்கள் பிள்ளையின் விரலைப் பார்த்து, ஆசிரியரின் சுருதியைக் கேட்டு மூட்டுவார். பக்கத்தில் இல்லையென்றால் தேய்ந்த கரணையோடு பிள்ளை மாதக்கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பான். கேட்கிற காதும் கெட்டுப்போகும்.

நட்டு வைத்த மிருதங்கம் பிறந்ததே அப்படித் தவிப்பவர்களுக்காக. வெளிநாட்டில் இருப்பவர்களும், மிருதங்க வேலைக்காரரே இல்லாத ஊர்களில் இருப்பவர்களும் மூட்டைத் தனியாக வரவழைத்து, ஸ்பானரால் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். தோல் அசல், கரணை அசல், ஆகவே நாதம் பெரும்பாலும் அசலாகவே இருக்கும். ஆனால் நான் வாசித்துப் பார்த்த மூன்றில் இரண்டு கருவிகளில் ஏதோ ஒரு கம்பி தளர்ந்து ‘கிர்’ரென்று கூடவே அதிர்ந்தது. எல்லா நட்டையும் ஒரே அளவு முடுக்குவதற்குப் பொறுமை வேண்டும். ஒரு பக்கத்தை அதிகம் முடுக்கினால் சாட்டை சாய்ந்துவிடும், பிறகு பதினாறு கண்ணும் பதினாறு சுருதி பேசும். எடையும் கூடுகிறது. மெட்ரோவில் வகுப்புக்குப் போகும் பையனுக்குக் கூடுதலாக இரண்டு கிலோ என்பது சிறிய விஷயம் இல்லை.

செயற்கை மிருதங்கத்தை நான் முன்முடிவோடு அணுகவில்லை. நண்பர் வீட்டில் ஒரு வாரம் வைத்து வாசித்தேன். எடை குறைவு, மழைக்காலத்திலும் சுருதி நிற்கிறது, தொப்பியின் நடுவில் அப்ப ரவை பிசைய வேண்டாம், முகம் எளிதில் கெடுவதில்லை. ‘நம்’, ‘தீம்’ என்ற வாசிப்புச் சொற்கள் சுருதியோடு நிற்கின்றன. ஆனால் என் விரலுக்குப் பட்டது இது: தோலில் வெட்டுத்தட்டுக்கும் கொட்டுத்தட்டுக்கும் இடையே ஒரு படி இருக்கிறது, ஆள்காட்டி விரல் அந்தப் படியைத் தடவித்தான் மீட்டும் சொல்லைக் கற்றுக்கொள்கிறது. தகட்டு முகத்தில் அந்த உணர்வு வேறு. தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி வரும் கும்காரமும் தோலில் குழைவது போலக் குழையவில்லை. ஏற்கெனவே கை பழகியவருக்கு இது தடையே இல்லை. அடுக்குமாடி வீட்டில் தினசரிச் சாதகத்துக்கும், ரயில் பயணத்துக்கும், மழைக் கச்சேரிக்கும் அருமையான துணை. முதல் சொல்லையே இப்போதுதான் கற்கிற ஒன்பது வயதுக் கைக்கு அதை முதல் கருவியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியரும் அதையே சொன்னார். உங்கள் ஆசிரியர் செயற்கைக் கருவியில் கற்பிப்பவர் என்றால் என் தயக்கத்தை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

இதற்கிடையே மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை: இவ்வளவு தொல்லை எதற்கு, தபலா கற்றால் என்ன? தபலாவில் சில விஷயங்கள் உண்மையிலேயே எளிது. வலக்கைத் தபலாவின் சீஷம் மரக் கூட்டில் வாருக்கு அடியில் உருளைக் கட்டைகள் இருக்கும், சுத்தியலால் அவற்றை இறக்கினாலே சுருதி ஏறும். முகம் முழுக்க ஆட்டுத்தோல், ஆயத்தமாகச் செய்த முகங்கள், அதாவது புடிகள், பெரிய இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். ஐந்தே கால், ஐந்தரை அங்குல வாய் ஒன்றரை, இரண்டு கட்டையை ஒட்டி நிற்கும். வாய் சிறுத்தால் சுருதி ஏறும். அங்கேயும் சுருதியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இடக்கை பாயாவுக்குக் கனமான பித்தளையோ செம்போ நல்லது, மெல்லிய தகடு என்றால் அடி ஒலி வராது. ஆனால் கையின் மொழியே வேறு. கர்நாடகப் பாட்டுக்கு உட்காரப் போகும் பிள்ளைக்கு, வாங்குவது எளிது என்பதற்காகத் தபலாவைக் கொடுக்கக் கூடாது. பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு வேலைக்காரரைத் தேடினோம். பாலேபேட்டையில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆயத்தமாக மூட்டிய மிருதங்கங்களை அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். போய் வாசித்துப் பாருங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு கருவியையும் காட்டி ‘இதை மூட்டியது யார்?’ என்று கேளுங்கள். தஞ்சாவூர் என்பார்கள், பெருவெம்பு என்பார்கள். இரண்டும் நல்ல பெயர்கள்தான். பாலக்காட்டை அடுத்த பெருவெம்பு ஊரே தோல் கருவிகளுக்குப் பேர்போனது. தஞ்சாவூரில் செவிட்டியான் குடும்பம் தலைமுறைகளாக மிருதங்கம் செய்கிறது. செவிட்டியானின் மகன் பர்லாந்து, மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு மூட்டிக் கொடுத்தவர். மணி ஐயரின் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் பர்லாந்தின் கை இருக்கிறது. ஆகவே ஊர்ப்பெயர் போதாது, ஆள் பெயர் வேண்டும். மூட்டியவரின் பெயரையும், கரணை போனால் அவரிடம் எப்படிக் கொண்டுபோவது என்பதையும் சொல்லக்கூடிய கடை நல்ல கடை. சொல்லத் தெரியாத கடையில் வாங்கினால், அடுத்த ஆண்டு நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள்.

ஆசிரியரின் வழியாக அல்சூர்ப் பக்கம் ஒருவரைக் கண்டுபிடித்தோம். தமிழர், வீட்டு முன்னறைதான் பட்டறை. நாங்கள் போனபோது அவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் கட்டையில் உதைத்துக்கொண்டு, முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்த்து வாரை இழுத்துக்கொண்டிருந்தார். கிழிந்த மிருதங்கத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ‘இந்தக் கட்டைக்கு நான் தோல் ஏற்றினால் என் தோலுக்குத்தான் கெட்ட பெயர், அண்ணா’ என்றார். பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, கையைக் காட்டு’ என்று அவன் விரல் நீளத்தைப் பார்த்தார்.

அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. புதிய இருபத்திரண்டு அங்குலக் கட்டை, இரண்டு பக்கமும் புது மூட்டு: 14,000 ரூபாய். அல்லது வாசிப்பை விட்டுவிட்ட ஒருவர் கொடுத்த பழைய கட்டை, தொப்பி நன்றாக இருக்கிறது, வலந்தலை மட்டும் புதிதாக மூட்டினால் 8,500. நட்டு வைத்தது வேண்டுமென்றால் வரவழைத்துத் தருவதாகவும், அதற்கு 17,000-க்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். பழைய கட்டையை நான் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே அடர்ந்த பழுப்பு, வெடிப்பு இல்லை, வாய் விளிம்பு கண்ணாடி போல. மரம் நன்றாகக் காய்ந்து அடங்கிய கட்டை. புதுக் கட்டையைப் போல இனி வெடிக்குமோ என்ற பயம் இல்லை. அதையே எடுத்தோம்.

குச்சியா கப்பியா என்று அவர் கேட்டார். வெட்டுத்தட்டுக்கும் கொட்டுத்தட்டுக்கும் இடையில் ஈர்க்குக் குச்சிகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், நுண்ணிய கற்பொடியை வைத்தால் கப்பி மிருதங்கம். இரண்டுக்கும் நாதத்தில் வேறுபாடு உண்டு, பெரியவர்களுக்கு விருப்பமும் வேறுபடும். மாணவருக்கு நான் குச்சியைச் சொல்வேன். ஒரு கண்ணில் நாதம் மங்கினால் ஆசிரியரே குச்சியை நகர்த்தியோ மாற்றியோ பார்க்க முடியும்.

பத்து நாள் கழித்து எடுக்கப் போனபோது நான் சோதித்த முறை இது. கைபேசியில் ஐந்து கட்டைத் தம்புராவை ஓடவிட்டேன். ‘நம்’ வாசித்தபடி கருவியைச் சுற்றிக்கொண்டே போனேன், கண்ணுக்குக் கண் சுருதி மாறுகிறதா என்று. இரண்டு கண்களில் ஒரு நூல் இறங்கியிருந்தது, அவர் அங்கேயே தட்டிச் சரிசெய்தார். பிறகு ‘தீம்’ வாசித்துக் கையை எடுத்து, நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும்போது அலைகிறதா என்று கேட்டேன். அலைந்தால் இழுவை சமமாக இல்லை. கடைசியாகச் சாட்டையைப் பார்த்தேன். அது வாயின் விளிம்பை ஒட்டி மேலே இருந்தது. இது முக்கியமான அடையாளம். தட்டித் தட்டிச் சாட்டை கீழே இறங்கிவிட்ட கருவி என்றால் இனி ஏற்ற இடமில்லை, அந்த மூட்டின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. பழைய மிருதங்கம் வாங்குகிறவர்கள் நாதத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

வாங்கிய இரண்டாம் வாரத்தில் தங்கை பதறிப்போய்க் கூப்பிட்டாள்: சுருதி இறங்கிவிட்டது, ஏமாந்துவிட்டோமா? ஏமாறவில்லை. புதுத் தோல் முதல் சில வாரங்கள் நீளும், வாரும் நீளும். தினமும் கொஞ்சம் இறங்கும், தினமும் கொஞ்சம் தட்டி ஏற்ற வேண்டும். புள் என்ற சிறு மரத்துண்டைச் சாட்டையின் மேல் வைத்துக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஒரே கண்ணில் அடித்து ஏற்றக் கூடாது. ஒன்றைத் தட்டினால் எதிர்ப்பக்கத்துக் கண்ணையும் தட்ட வேண்டும். ஒரு மாதம் போனதும் அல்சூர்க்காரரிடம் கொண்டுபோனோம். வார் முழுவதையும் ஒருமுறை இழுத்துக் கட்டிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அதன் பிறகு சுருதி நின்றது. கடையில் வாங்கினாலும் இந்த முதல் இழுப்புக்கு யார் பொறுப்பு என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இடந்தலைக்கு வீட்டில் சிறிய சண்டை நடந்தது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பி, வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துத் துடைக்க வேண்டும். பையன் இரண்டு நாள் மறந்துவிட்டான். காய்ந்த ரவை தோலை இழுத்துப் பிடித்தது, கரப்பான் வந்து ஓரத்தைக் கடித்துப் பார்த்திருக்கிறது. இப்போது வீட்டுச் சாதகத்துக்குத் தொப்பியில் சிலிகான் பூசியிருக்கிறோம். அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நாதம் ரவையைப் போல அவ்வளவு ஆழமாக இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கு முன் வாசிக்கும் பிள்ளையிடம் ரவை பிசையச் சொல்வது நடக்காது.

பெங்களூருவின் காற்று சென்னை போல ஈரமானது இல்லை, அதனால் மிருதங்கத்துக்கு இங்கே தொல்லையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மழை மாதங்களில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்குவது இங்கேயும் உண்டு. அதைவிடக் கவனிக்க வேண்டியது பிப்ரவரி, மார்ச்சின் வறட்சி. காற்று உலர்ந்ததும் தோல் தானாகவே இறுகும், யாரும் தொடாமலே சுருதி ஏறும். அப்போது அதன் மேல் இன்னும் தட்டி ஏற்றினால் கிழியும். தங்கை வீட்டில் மிருதங்கம் பால்கனிக் கதவின் பக்கத்தில் இருந்தது, மதிய வெயில் நேராக அதன் மேல் விழும். அதை உள்ளறைக்கு மாற்றி, இரண்டு முகத்துக்கும் பருத்தித் துணி உறை போட்டோம். சென்ற மார்ச்சில் ஒரு நாள் போனபோது பையன் தம்புராவை ஓடவிட்டு, ‘மாமா, அரைக் கட்டை மேலே போயிருக்கிறது’ என்றான். கல்லை எடுத்துச் சாட்டையின் கீழிருந்து மேல்நோக்கித் தட்டி, ஒரு கண், எதிர்க் கண் என்று சுற்றி வந்து, தானே இறக்கினான். கால் மணி நேரம் ஆனது. கரணையின் வலப்புற விளிம்பு இலேசாக உதிரத் தொடங்கியிருக்கிறது. தோல் நன்றாகவே இருக்கிறது, கோடை விடுமுறையில் கரணை மட்டும் ஏற்றினால் போதும் என்று அல்சூர்க்காரர் சொல்லியிருக்கிறார்.